பத்துக் கோடியை அடித்துவிட்டால் வேலை முடிந்ததா?

நேற்று குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவு எதற்கென்று தெரியும். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

குரூப்பில் ஒரு பெண் கேட்டது நியாயமான கேள்வி. நூல் மில் நம் துணைக் கம்பெனி, 75 சதவீதப் பங்கு தாய்க் கம்பெனியிடம். மில் 8 கோடி செலவில் தயாரித்த நூலைத் தாய்க் கம்பெனிக்கு 10 கோடிக்கு விற்றது. மார்ச் 31 அன்று அதில் 2 கோடிக்கான நூல் இன்னும் விற்காமல் நிற்கிறது. இரண்டு கம்பெனிக் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கும் கன்சாலிடேஷனில் விற்பனை 10 கோடி, கொள்முதல் 10 கோடி இரண்டையும் அடித்து நீக்கியாயிற்று. இதற்கு மேல் ஸ்டாக்கையும் குறைக்க வேண்டுமா?

வேண்டும். நான் சொன்னது அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்: "ஏற்கெனவே அடித்தாயிற்று, இரண்டு தடவை அடிக்கச் சொல்கிறார்."

இரண்டு தடவை இல்லை ஐயா. அவை இரண்டு வேறு வேலைகள். 10 கோடியை இருபக்கமும் அடிப்பதால் லாபத்தில் ஒரு ரூபாய்கூட மாறாது, டர்ன்ஓவர்தான் இறங்கும். மில் வைத்த லாபம் அப்படியே ஸ்டாக்கின் மதிப்புக்குள் உட்கார்ந்திருக்கும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மற்ற செலவுகளை விடுங்கள். தாய்க் கம்பெனி மீதி 8 கோடி நூலை வெளியே 9 கோடிக்கு விற்றது என்று வையுங்கள். 10 கோடியை அடித்த பிறகு விற்பனை 9, மில்லின் செலவு 8, அந்தச் செலவிலிருந்து கழிக்க வேண்டிய ஸ்டாக் 2. லாபம் 3 கோடி வருகிறது. இப்போது இரண்டையும் ஒரே கம்பெனியாகப் பாருங்கள். 8 கோடிக்குச் செய்த நூலில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், அதன் அடக்கம் 1.6 கோடி. விற்றதன் அடக்கம் 6.4 கோடி. லாபம் 2.6 கோடிதான். இடையில் நிற்கும் 40 லட்சம், வெளியாள் யாரும் தராத பணம். அதைத்தான் ஸ்டாக்கிலும் லாபத்திலும் குறைக்கச் சொன்னேன். கன்சாலிடேஷனுக்கான கணக்குத் தரநிலை இண்ட் ஏஎஸ் 110 சொல்வதும் இதுதான், முழுவதுமாக நீக்கு என்கிறது.

40 என்பதும் கவனிக்க வேண்டிய எண். செலவின் மேல் 25 சதவீதம் வைத்த மில், விற்பனை விலையில் 20 சதவீதம்தான் சம்பாதிக்கிறது. ஸ்டாக் விற்பனை விலையில் நிற்பதால் 2 கோடிக்கு 20 சதவீதம். 25-ஐப் போட்டு 50 லட்சம் என்று எழுதிய ஷீட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"இவர் தியரி பேசுகிறார்" என்றார் ஒருவர். அது வலித்தது. ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கோடவுனில், அதன் துணை மில்லிலிருந்து இதே 20 சதவீத லாபத்தில் வந்த நூல் கோன்களை மட்டும் எண்ணிவிட்டு, ஸ்டாக் 1.2 கோடி, நீக்க வேண்டியது 24 லட்சம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். என் மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் கட்டிங் செக்‌ஷனுக்கு அழைத்துப் போய், கட்டி வைத்திருந்த துணி பண்டில் ஒன்றை என் கையில் கொடுத்தார். "இது எந்த மில்லின் நூல்?" என்றார். துணியாகவும் தைத்த பனியனாகவும் இன்னொரு 80 லட்சத்துக்கு அதே நூல் நின்றது. நிட்டிங், சாயக் கூலி எல்லாம் வெளியாளுக்குக் கொடுத்தது, அதைத் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் நூலின் லாபம் 16 லட்சத்தை மட்டும் எடுக்க வேண்டும். தியரி படித்தா அதைத் தெரிந்துகொண்டேன்?

"அடுத்த வருஷம் விற்றதும் சரியாகிவிடும்" என்கிறீர்கள். தானாக ஆகாது. இந்த 40 லட்சம் எந்தக் கம்பெனியின் டாலியிலும் இல்லை, கன்சாலிடேஷன் ஷீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் ஓபனிங் ரிசர்வில் குறைத்து, விற்றதன் அடக்கத்திலும் குறைத்து, நாம்தான் கொண்டுவர வேண்டும். மறந்தால் போன வருஷத்து முடிவும் இந்த வருஷத்து ஆரம்பமும் ஒட்டாது. சரி, தொகை சின்னது என்றால் விடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2.6 கோடியில் 40 லட்சம் சின்னதா? விற்றது மில் என்பதால் அதில் 10 லட்சம் வெளிப் பங்குதாரர்களின் பங்கில் குறைய வேண்டியது. அவர்களுக்கு இல்லாத லாபத்தைக் காட்டுவது உங்களுக்குச் சின்ன விஷயமா?

என்னைத் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட்டவள் முதல் வருஷ ஆர்ட்டிகிள். பத்துப் பேர் சேர்ந்து சிரித்ததும் கேள்வியையே அழித்துவிட்டாள். இருபது வருஷ அனுபவம் இருக்கிறவர்கள் ஒருத்தரும் அவளுக்காகப் பேசவில்லை.

பதினொரு மணிக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள். "சார், அந்த 40 லட்சத்தைக் குறைக்கும் என்ட்ரியை ஷீட்டில் திரும்பப் போட்டுவிட்டேன். காலையில் பார்ட்னர் கேட்டால் என்ன சொல்வது?"

கோடவுனுக்குக் கூட்டிப் போய் நூலைக் காட்டச் சொன்னேன். கட்டிங் செக்‌ஷனையும் சேர்த்து.