சட்டம் போட்டால் தீர்ப்பு செல்லாமல் போய்விடுமா?

பரவும் செய்தி: “கோர்ட் என்ன சொன்னாலும் சட்டசபையில் ஒரு சட்டம் போட்டால் போதும், தீர்ப்பு காலி.”

தவறு. தீர்ப்பு எந்தக் குறையைச் சுட்டியதோ, அதை முன்தேதியிட்டு நீக்கச் சட்டமன்றத்தால் முடியும். தீர்ப்பையே செல்லாது என்று அறிவிக்க முடியாது.

தமிழ்நாட்டு நிலமெடுப்பு வழக்கைப் பாருங்கள். நெடுஞ்சாலை, தொழில், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் மூன்று மாநிலச் சட்டங்கள், 2013-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தோடு முரண்பட்டுச் செயலிழந்துவிட்டன என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த மூன்றுக்கும் விலக்கு தரும் 105-ஏ பிரிவை மத்திய சட்டத்தில் மாநிலம் சேர்த்தது மட்டும் அவற்றுக்கு உயிர் தராது. மீண்டும் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டும் என்றது. அரசு அதைத்தான் செய்தது. 2019 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. சட்டம் 2013 செப்டம்பர் முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நிலம் இழந்தவர்களுக்குக் கசப்பான முடிவுதான்.

காவிரியில் கர்நாடகம் இப்படிக் குறை எதையும் நீக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் விடச் சொன்ன நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முறியடிக்கவே 1991-இல் அவசரச் சட்டம் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்றது.

புதிய சட்டம் வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: இது அன்றே இருந்திருந்தால் நீதிமன்றம் அதே தீர்ப்பைத் தந்திருக்குமா? தந்திருக்கும் என்றால், குறை இன்னும் நீங்கவில்லை.