கல்லாவுல கெடக்குறதெல்லாம் லாபமா?

ஞாயித்துக்கெழமை பினாங்குல என் சிறுகதைய வாசிச்சப்ப என்ன நடந்துச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும், வராதவங்களுக்கும் வாட்சப்புல தெரிஞ்சிருக்கும். "சொந்தத்துக்குக் குடுக்காம ஈபிஎஃப்ல போடுற கருமியெல்லாம் ஒரு கதாநாயகனா"ன்னு கேட்ட அண்ணனுக்கு செம கைத்தட்டல். நல்லது. ஆனா கதைய முழுசா படிச்சிட்டு கேட்டிருக்கலாம்லா.

என் கதையில வர்ற மளிகைக் கடைக்காரர் கருமி இல்ல. கணக்கு தெரிஞ்சவர். அன்னிக்கு வியாபாரம் 640 வெள்ளி. அதுல 540 சரக்குக்காரனோடது, 60 வாடகை கரண்ட்டு கூலி, 30 வீட்டுச் செலவு. மிஞ்சுனது 10 வெள்ளி. கடைக்கு வர்ற மச்சானுக்குத் தெரியறது 640, அவருக்குத் தெரியறது 10, கதையே இவ்ளோதான். மச்சானுக்கு 200 தூக்கிக் குடுத்தா அது லாபம் இல்ல, நாளைக்கு வாங்கவேண்டிய அரிசி, பருப்பு.

அதனால கடை மூடுனதும் அந்த 10 வெள்ளிய போன்லயே ஈபிஎஃப்ல போட்டுடறார். மாசம் 26 நாள்னா வருஷத்துக்கு 3,120. சொந்தத் தொழில் பண்றவங்க 60 வயசுக்குள்ள ஈபிஎஃப்போட ஐ-சாரான் திட்டத்துல பதிஞ்சிருந்தா, 2025-லேருந்து போடுறதுக்கு 20 சதவீதம் அரசாங்கமே சேத்துப் போடுது, வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும், ஆயுசுக்கு மொத்தம் 5,000. 2,500 போட்டாலே அந்த 500 முழுசா வந்துடும். எந்த மச்சான் இவ்ளோ குடுப்பான்?

"அவசரம்னா என்ன செய்வாரு"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், 55 வயசு வரைக்கும் முக்கால்வாசி பூட்டிதான் கெடக்கும், அது கஷ்டம்தான். ஆனா 2024 மே மாசத்துலேருந்து போடுறதுல பத்துல ஒரு பங்கு ஃப்ளெக்சிபிள் கணக்குக்குப் போகுது, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். என் கதையில ரெண்டு வருஷத்துல அது 620 சொச்சம் ஆகுது, தங்கச்சி புருஷன் ஆஸ்பத்திரில கெடக்கறப்ப அதுலேருந்து 600 எடுத்துக் குடுக்கறார். கடனா இல்ல, சும்மா! அந்தப் பக்கத்த யாருமே படிக்கல போல.

"சொந்தம்னா பணம் பாக்கக்கூடாது"ங்கறவங்க எங்கப்பா கடைக்கு வந்திருக்கணும். 555 புத்தகத்துல கைமாத்து எழுதி எழுதி, கடைசில சரக்குக்காரன் கடனுக்குப் போடமாட்டேன்னுட்டான், தட்டுல சீனி இல்ல, பால் டின் இல்ல, வாடிக்கைக்காரங்க எதிர்க்கடைக்குப் போய்ட்டாங்க. ஒருத்தர்கூட நஷ்டம் எவ்ளோன்னு கேக்கல. கேட்டதெல்லாம் "இன்னொரு நூறு வெள்ளி இருக்குமா மாமா". குடுக்க முடியாம போன அன்னிக்குத்தான் எங்கப்பாவும் கருமி ஆனாரு.

அந்தப் புத்தகம் இன்னும் எங்க அம்மாகிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கெழமை கைத்தட்டினவங்க பேரும் ரெண்டு அதுல இருக்கு, அந்தப் பக்கத்த போட்டோ புடிச்சு இங்க போடட்டான்னு அம்மா கேக்கறாங்க. இப்போதைக்கு வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன்.