பன்னிரண்டு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினவர்களுக்கு

"பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் பத்தாயிரம் ரூபாய் போனதுக்கே 61,500 வரியா?"

வருமான வரி பற்றிய ஒரு கட்டுரையின் அட்டவணையைப் பார்த்து வந்த கேள்வி இது. இல்லைங்க, அந்த அட்டவணையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. சேதராப்பட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர் கணக்கையே சொல்கிறேன், 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. சம்பளம் 12,85,000, நிலையான கழிவு 75,000 போக 12,10,000. முதல் நாலு லட்சத்துக்கு வரி கிடையாது, அடுத்த நாலுக்கு 20,000, அதற்கடுத்த நாலுக்கு 40,000, மிச்சம் பத்தாயிரத்துக்கு 15 சதவீதம் 1,500, ஆக 61,500. இதோடு நிறுத்தினால்தான் வயிற்றைக் கலக்கும். பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று 87ஏ பிரிவில் ஒரு விளிம்பு நிவாரணம் உண்டு, அதனால் 51,500 தள்ளுபடியாகி வரி 10,000, செஸ் 400, மொத்தம் 10,400தான். அவர் ஆபீசில் இந்தப் படியை விட்டுவிட்டு மாதம் 5,330 பிடித்துக்கொண்டிருந்தார்கள், கேட்டபிறகுதான் சரி செய்தார்கள் (கேட்காவிட்டால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கவேண்டியதுதான்).

உங்கள் வரிக் கணக்குத் தாளில் தள்ளுபடி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா பாருங்கள். வருமானம் சுமார் 12,70,588 வரைதான் இந்தச் சலுகை, அப்புறம் பங்கு விற்ற லாபத்துக்கான தனி வரிக்கு இது ஒட்டாது.