ஐந்தேகாலும் ஐம்பத்தொன்றும்

அந்த 40 விநாடி வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். வேலை முடிந்து கடைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் மகளுக்கு வீடியோ காலில் கணக்கு சொல்லித் தரும் அண்ணன். "28/4, ஏழு" என்கிறார். "அப்பா, துணியே அஞ்சு மீட்டர்தானே!" என்கிறது பிள்ளை. உடனே சிரிப்புப் பொம்மைகள். "அப்பனுக்கே கணக்கு தெரியல, மகளுக்குச் சொல்லித் தர்றாராம்."

அவருக்குக் கணக்கு தெரியும். படம்தான் சரியில்லை. நான் அப்போது பக்கத்து மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரவு பத்தரை, புதுக்கோட்டையில் எட்டு. பிள்ளை அனுப்பிய படத்தை என்னிடமும் காட்டினார்.

கணக்கு இதுதான்: 5¼ மீட்டர் துணியில் 2¾ மீட்டர் வெட்டினால் மீதி எவ்வளவு? பிள்ளை அதை நோட்டில் இடைவெளி விடாமல், சாய்கோடு போட்டு எழுதியிருந்தது. டியூப் லைட்டுக்கு முதுகு காட்டிப் படம் எடுத்ததால் கைநிழல் வேறு. 5 1/4 பார்வைக்கு 51/4 ஆகிவிட்டது, 2 3/4 என்பது 23/4. ஐம்பத்தொன்றில் இருபத்துமூன்று போனால் இருபத்தெட்டு, நாலால் வகுத்தால் ஏழு. அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. தப்பான எண்ணுக்குச் சரியான விடை!

வீடியோ எடுத்த புண்ணியவான் அதோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது.

"வாய்விட்டுப் படி, பாப்பா" என்றார். "ஐந்தேகால்... இரண்டேமுக்கால்." அவ்வளவுதான், குழப்பம் தீர்ந்தது. கலப்புப் பின்னத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொன்னால் ஐம்பத்தொன்று உள்ளே நுழையவே முடியாது.

அடுத்து, "நீ போட்டதை எடுத்து அனுப்பு. கேள்வியை இல்ல, நீ போட்ட கணக்கை" என்றார். இதற்குத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். கேள்வியை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் அப்பா விடை சொல்வார். பிள்ளை போட்ட கணக்கை அனுப்பினால் எங்கே வழுக்கியது என்று அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு வந்திருந்த விடை 3 2/4. ஐந்தில் இரண்டு போனால் மூன்று, சரி. அடுத்து காலிலிருந்து முக்காலைக் கழிக்க முடியாததால், அது பாட்டுக்கு முக்காலிலிருந்து காலைக் கழித்துவிட்டது. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது பிள்ளைகளுக்குக் கை பழகிய பழக்கம்.

அவர் தப்பு என்று சொல்லவில்லை. "வெட்டினதையும் மீதியையும் கூட்டு, முழுத் துணி வருதா பார்" என்றார். இரண்டேமுக்காலும் மூன்றரையும் ஆறேகால். "அய்யோ, துணி நீண்டுருச்சுப்பா" என்றது பிள்ளை.

"இரண்டேமுக்காலை மூணாக்க எவ்வளவு வேணும்?"
"கால்."
"மூணுலேருந்து அஞ்சுக்கு?"
"ரெண்டு."
"அஞ்சுலேருந்து ஐந்தேகாலுக்கு?"
"இன்னொரு கால். ரெண்டரை!"

நாள் முழுக்க கால் கிலோ, முக்கால் கிலோ என்று நிறுக்கிற மனிதருக்கு இந்த வழிதான் கைக்கு வரும். பள்ளிக்கூட வழி வேறு என்பீர்கள். அதையும் விடவில்லை. தகாப் பின்னமாக மாற்றி எழுதச் சொன்னார்: 21/4 − 11/4 = 10/4, சுருக்கினால் 5/2, அதாவது 2½. இரண்டு வழியிலும் ஒரே விடை என்றதும் பிள்ளை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கே, உங்களுக்குத்தான் 40 விநாடி போதுமாயிற்றே.

"ஊரிலேயே டியூஷன் வைக்கலாமே?" வைக்கலாம், நீங்கள் காசு கொடுங்கள். "போனைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறார்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "தினமும் இப்படி அப்பாவைக் கேட்டால் தானாக யோசிக்காதே?" இது நியாயமான கேள்வி. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கேள்விப் படம் வேண்டாம், போட்ட கணக்கின் படம் வேண்டும். நோட்டைத் தரையில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழ, நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். பென்சில் கோடு மங்கினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். முன் கேமராவில் தாளைக் காட்டும்போது எழுத்து நம் திரையில் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திரும்பித் தெரியும், பிள்ளைக்கு நேராகத்தான் தெரியும். அந்த அண்ணனும் முதலில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கும் ஒருவர் சிரித்திருக்கிறார்.

கேட்காமல் படம் எடுத்தீர்கள். பிள்ளையின் முகத்தையாவது மறைத்தீர்களா? அந்தக் கமெண்ட்டுகளை மறுநாள் அவருடைய மச்சினன் ஊரிலிருந்து அவருக்கே அனுப்பியிருக்கிறான். இப்போதெல்லாம் அவர் படிக்கட்டில் உட்காருவதில்லை. பத்தரைக்கு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அங்கே லைன் சரியாகக் கிடைப்பதில்லை.