கனமான அலமாரியும் கவிழும்

“எங்கள் டிராயர் அலமாரி நல்ல கனம். குழந்தை ஏறினாலும் அசையாது, சுவரோடு பிணைக்கத் தேவையில்லை.”

மூடியிருக்கும்போது அசையாதுதான். குழந்தை டிராயர்களை இழுத்து, படிபோல மிதித்து ஏறும். அப்போது டிராயர்களின் எடையும் குழந்தையின் எடையும் முன்கால்களைத் தாண்டி வெளியே வந்துவிடும், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். கனம் அதிகமென்றால் நசுக்குவதும் அதிகம்.

கனமானதைக் கீழ் டிராயரில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வது பாதி சரி. அந்த டிராயரையே இழுத்தால் அந்தக் கனமும் முன்னால் வந்துவிடுமே!

அதனால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். பிணைக்கும் பட்டையின் ஒரு முனையை அலமாரியின் மெல்லிய பின்பலகையில் அல்ல, கெட்டியான சட்டத்தில் திருகுங்கள். மறுமுனையைச் சுவரில்: செங்கல் சுவரென்றால் பிளக் போட்டு. பலகைத் தடுப்பென்றால் உள்ளிருக்கும் கட்டையில். வெறும் பூச்சில் திருகினால் பிடுங்கிக்கொண்டு வரும்.

அப்புறம், அலமாரிமேல் இருக்கும் டிவியை இறக்கிவிடுங்கள். ரிமோட்டையும்தான், ஏறத் தூண்டுவதே அது.