தொண்டை வலியும் கழுத்து நெறியும்

"தொண்டை வலி நின்ற பிறகும் கழுத்தில் கட்டி இருந்தால் புற்றுநோய்தான். தினமும் உருவி விட்டால் கரையும்."

இரண்டும் தவறு. பெரும்பாலும் அது நெறி கட்டியதுதான். தொண்டையில் தொற்று வந்தால் தாடைக்குக் கீழுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கும். தொட்டால் வலிக்கும், விரலுக்கு அடியில் நகரும். தொண்டை சரியான பிறகும் ஒன்றிரண்டு வாரம் இருந்து சுருங்கும். பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவில் இன்னும் சில வாரம் தங்கலாம். உருவினால் கரையாது, நோண்ட நோண்ட வலிதான் கூடும்.

வலியில்லாமல் கெட்டியாக, அசையாமல் வளர்ந்தாலோ, மூன்று வாரமாகியும் சுருங்காவிட்டாலோ, காறை எலும்புக்கு மேலே தென்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு இருந்தால் காசநோயையும் பார்ப்பார்கள். நம் ஊரில் அது அரிதல்ல, மருந்தில் குணமாகும். எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.