அடைப்பு குழாய்க்குள் தொடங்குவதில்லை, சுவருக்குள் தொடங்குகிறது

மச்சானுக்கு மாரடைப்பு வந்து சரியாக ஐந்து வாரம் ஆகிறது. 46 வயது. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார். ஆனால் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "மாப்ள, ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் டிஎம்டி எடுத்தேன். ட்ரெட்மில்ல நல்லா ஓடினேன், நார்மல்னுதான் சொன்னாங்க. எல்டிஎல் 128, அதுவும் நார்மல்னுதான் ரிப்போர்ட்ல இருந்துச்சு. அப்புறம் எப்படிடா வந்துச்சு?"

நான் நோய்க்குறியியல் துறையில் வேலை செய்பவன். இதயத்தை மேசையில் வைத்து, தமனிகளை மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாகக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலையில் ஒன்று. அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இந்தக் கேள்வியோடு இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், அந்தச் சாக்கடைக் குழாய் உதாரணத்தை விட்டுவிடுங்கள். எண்ணெய் ஊற்றி ஊற்றிக் குழாயின் உட்பக்கம் பிசுக்குப் படிகிறது, துளை சிறிதாகிறது, ஒருநாள் அடைத்துக்கொள்கிறது என்று எல்லோரும் மனதில் வைத்திருக்கிறோம். தமனியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தமனிக்கு உள்ளே ஒரே ஒரு செல் தடிமனில் உறைபோல் ஓர் உள்வரி இருக்கிறது. வழவழவென்று, ரத்தம் ஒட்டாமல் ஓடுவதற்காகவே அமைந்த வரி. அதற்கு அடியில்தான் இன்டிமா என்ற மெல்லிய அடுக்கு. கொழுப்பு சேர்வது அங்கே, அந்த வரிக்குக் கீழே, சுவரின் உடம்புக்குள். முற்றிய இடத்தில் கத்தி போனால் கல்லில் பட்டதுபோல் 'கறுக்' என்று ஒரு சத்தம் வரும், அது சுண்ணாம்பு. பக்கத்திலேயே மஞ்சளாகக் குழைவாக ஏதோ பிதுங்கி வரும். அதிரோமா என்ற பெயரில் உள்ள கிரேக்க வேர்ச்சொல்லுக்குப் பொருளே கூழ்தான். பெயர் வைத்தவர் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

சரி, அந்தக் கூழ் சுவருக்குள் எப்படிப் போகிறது?

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது, அதனால் ரத்தத்தில் தனியாகத் திரிய முடியாது. துகள்களுக்குள் ஏறித்தான் பயணம் செய்யும். அந்தத் துகள்களில் முக்கியமானது எல்டிஎல். ஒன்றின் விட்டம் சுமார் 22 நானோமீட்டர், அதாவது வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு நாற்பத்தைந்தாயிரம் துகள். ஒவ்வொரு துகளையும் சுற்றி அப்போபி என்ற ஒரே ஒரு பெரிய புரதம் கயிறுபோல் கட்டியிருக்கும். ஒரு துகளுக்கு ஒரு அப்போபி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இவ்வளவு சின்னதாக இருப்பதால் இந்தத் துகள்கள் அந்த உள்வரியைக் கடந்து சுவருக்குள் போய்வந்துகொண்டே இருக்கின்றன. உங்களுக்கு, எனக்கு, பிறந்த குழந்தைக்கு, எல்லோருக்கும். போவதில் தப்பில்லை, பெரும்பாலானவை திரும்பி வெளியே வந்துவிடும். சில வராமல் மாட்டிக்கொள்வதில்தான் வினை. இன்டிமாவில் புரோட்டியோகிளைகன் என்ற நார்போன்ற மூலக்கூறுகள் இருக்கின்றன, அவற்றுக்கு எதிர்மின்னூட்டம். அப்போபியின் ஒரு பகுதியில் நேர்மின்னூட்டம். நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுவதுபோல் துகள் அதில் ஒட்டிக்கொள்கிறது. கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் ரத்த ஓட்டம் சுழன்று கலங்குவதால் உள்வரி கொஞ்சம் ஒழுகும், இன்டிமாவும் அங்கே இயல்பாகவே தடித்திருக்கும், அதனால் துகள்கள் அதிகம் மாட்டுவதும் அங்கேதான். மச்சானுக்கும் இடது முன்தமனியில், ஒரு கிளை பிரிகிற முக்கில்தான் இருந்தது.

மாட்டிய துகள் அப்படியே இருப்பதில்லை. ஆக்சிஜனேற்றம் ஆகிறது, நொதிகள் அதைக் கடித்துக் குதறுகின்றன, ஒன்றோடு ஒன்று கட்டி கட்டியாகச் சேர்கின்றன. உடம்புக்கு அது குப்பைபோல் தெரிகிறது. ரத்தத்தில் போகிற வெள்ளையணு ஒன்று உள்ளே நுழைந்து மேக்ரோபேஜாக மாறி அதை விழுங்குகிறது. சாதாரண செல்லுக்கு வயிறு நிறைந்தால் கதவை மூடத் தெரியும். மேக்ரோபேஜ் இந்தக் கெட்டுப்போன துகள்களை எடுக்கும் வாசலுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. தின்றுகொண்டே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நுரை தளும்பியதுபோல் இருக்கும், நாங்கள் ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்து போய்விடுவதால் வெறும் ஓட்டைகளாக மிஞ்சும் நுரை. அந்தச் செல்கள் ஒருநாள் செத்து, உள்ளே இருந்ததைக் கொட்டுகின்றன. அந்தக் கொட்டல்தான் கூழ். அதில் கொலஸ்ட்ரால் படிகமாகும், ஸ்லைடில் ஊசி குத்தி எடுத்த தடம்போல் நீள நீளமான வெற்றுக் கீறல்கள் தெரியும். அப்புறம் சுவரின் தசைச் செல்கள் மேலே ஏறி வந்து, கூழின்மேல் நாரால் ஒரு மூடி போடுகின்றன. கூழும் மூடியும் சேர்ந்த இந்தத் திட்டுக்குத்தான் பிளாக் என்று பெயர், அடைப்பைச் சொல்லும் பிளாக் இல்லை.

இது ஐம்பது வயதில் ஆரம்பிக்கிற கதை இல்லை. விபத்தில் இறந்த பதினெட்டு, இருபது வயதுப் பையன்களின் மகாதமனியிலேயே மஞ்சள் கோடுகளைப் பார்க்கிறேன். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை வெட்டிப் பார்த்து 1953-இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயத் தமனியில் இந்த நோயின் தடயம் இருந்தது.

இந்த இடத்தில் நம் குழுக்களில் அடிக்கடி வரும் ஒரு வாதத்துக்கு வருகிறேன். "எல்டிஎல் தீயணைப்பு வண்டி மாதிரி. தீப்பிடித்த இடத்தில் வண்டி நிற்கும், அதற்காக வண்டிதான் தீ வைத்தது என்பீர்களா? உண்மையான காரணம் சர்க்கரை, அழற்சி." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தீயே இல்லாத ஊருக்கு வண்டியை மட்டும் அனுப்பிப் பார்த்திருக்கிறது இயற்கை.

கல்லீரலில் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. 1970-களில் டாலஸில் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள், 1985-இல் நோபல் பரிசு. அந்த ஏற்பிக்கான மரபணு தாய் தந்தை இருவர் வழியிலும் கெட்டுப்போய்ப் பிறக்கும் குழந்தைகள் அபூர்வமாக உண்டு. சிகரெட் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, பிரஷர் இல்லை. எல்டிஎல் மட்டும் 500, 600 என்று நிற்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் மாரடைப்பு வருகிறது. டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு 1984 பிப்ரவரியில் பிட்ஸ்பர்கில் இதயத்தையும் கல்லீரலையும் சேர்த்து மாற்றினார்கள். கெட்டுப்போனது இதயம், ஆனால் கோளாறு இருந்தது கல்லீரலில். புதுக் கல்லீரலின் ஏற்பிகள் வேலை செய்ய ஆரம்பித்ததும் ஆயிரத்துக்கு மேல் இருந்த கொலஸ்ட்ரால் 300 பக்கம் இறங்கியது. இதில் தீ எங்கே?

மறுபக்கமும் இருக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற புரதம் இந்த ஏற்பிகளை அழிக்கும். அந்த மரபணு பிறவியிலேயே பழுதான அமெரிக்கக் கறுப்பின மக்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006-இல் வந்தது. அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, கிட்டத்தட்ட 40 புள்ளி. இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. அதே 40 புள்ளியை நடுவயதுக்கு மேல் ஸ்டேட்டின் மாத்திரையால் ஐந்து வருடம் குறைத்தால் கிடைப்பது சுமார் 22 சதவீதம். எவ்வளவு என்பதோடு எத்தனை வருடம் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அந்த நாயுருவி ஒட்டலையும் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எலிகளின் அப்போபியில் புரோட்டியோகிளைகனோடு ஒட்டும் பகுதியை மட்டும் மாற்றினார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதே உயரத்தில் இருந்தும் தொடக்கநிலை பிளாக் வெகுவாகக் குறைந்தது. சிகரெட், பிரஷர், சர்க்கரை எல்லாம் கெடுதல்தான், சுவரை ஒழுகவைத்து நாரையும் கெடுத்து வேலையை வேகப்படுத்தும். ஆனால் மாட்டுவதற்குத் துகள் வேண்டும்.

இனி மச்சானின் ரிப்போர்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 214, ஹெச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 260. அந்த எல்டிஎல் 128 அளந்து வந்த எண் இல்லை, கணக்குப் போட்டு வந்தது. 260-ஐ ஐந்தால் வகுத்தால் 52. 214-இல் 34-ஐயும் 52-ஐயும் கழித்தால் 128. 130-க்குள் இருப்பதால் தடித்த எழுத்தில் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஆனால் இந்த எண் சொல்வது துகள்களில் ஏறியிருக்கும் கொலஸ்ட்ராலின் எடையை. ட்ரைகிளிசரைடு கூடினால் எல்டிஎல் துகள்கள் சிறுத்துவிடும், ஒவ்வொன்றிலும் சரக்கு குறைவு. அதே 128-ஐச் சுமக்க அதிக வண்டிகள் ஓட வேண்டியிருக்கும். சுவரில் மாட்டுவது வண்டி. தொப்பையும் உயர்ந்த ட்ரைகிளிசரைடும் உள்ள நம் ஆட்களிடம் இது சர்வசாதாரணம். அதனால்தான் மொத்தத்தில் அப்போபி இல்லாத ஹெச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள் என்கிறேன், 214-இல் 34 போனால் 180, ரிப்போர்ட்டிலேயே அது கத்திக்கொண்டிருந்தது. அட்மிட் ஆன அன்று எடுத்த ரத்தத்தில் அப்போபி 134. ஒரு துகளுக்கு ஒன்று என்று சொன்னேனே, அப்போபியை அளப்பது துகளை எண்ணுவதுபோல. 130-க்கு மேல் போனாலே ஆபத்தைக் கூட்டும் அளவு.

அப்படியானால் டிஎம்டி ஏன் நார்மல்? பிளாக் வளரும்போது தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கும். உள்ளே துளை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். குறுக்கு வெட்டுப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் பிளாக் பிடிக்கும்வரை துளை சுருங்காது என்று 1987-இல் கிளாகோவ் காட்டினார். ஓட்டச் சோதனை பார்ப்பது ரத்தம் போதுமா என்பதைத்தான், அன்றைக்குப் போதுமாக இருந்தது. ஆபத்து அந்த மூடியில். சில பிளாக்குகளில் அது 65 மைக்ரானுக்கும் கீழே, ஒரு தலைமுடித் தடிமனுக்கு மெலிந்திருக்கும். மேக்ரோபேஜ்கள் அதை அரித்து ஒருநாள் கிழிந்தால், கூழ் ரத்தத்தைத் தொடும், தொட்ட இடத்தில் நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை மூடும். மேசையில் நான் பார்க்கும் இதயங்கள் பலவற்றில் பிளாக் நடுத்தர அளவுதான், மேலே ஒரு கிழிசல், அதில் ஒட்டிய கருஞ்சிவப்பு உறைகட்டி.

நேற்று மச்சான் புது ரிப்போர்ட் அனுப்பினார். எல்டிஎல் 58. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ், "குறைஞ்சிருச்சே மாப்ள, மாத்திரைய நிறுத்திரலாமா?" கூடாது என்றேன். ஸ்டேட்டின் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கிறது, கல்லீரல் தன் தேவைக்காக ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து துகள்களை இழுக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் ஏற்பிகள் குறையும், சில வாரங்களில் பழைய 128 வந்து நிற்கும். எண் கீழேயே இருந்தால் கூழ் மெல்லச் சுருங்கும், மூடி தடிக்கும், அதற்கு மாதங்களும் வருடங்களும் ஆகும். ஸ்டென்ட் வைத்தது ஒரு முக்கில். மற்ற கிளைகளில் இருப்பவை அங்கேயேதான் இருக்கின்றன.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது அப்போபியும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காலேஜ் படிக்கிற அவர் பையனுக்கும் ஒருமுறை லிப்பிட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு 19 வயது.